மலைமேல் வீட்டுக்கு முதல் வருகை: கையில் எதைக் கொண்டு செல்வது

தாம் விரும்பியவருடைய பெற்றோரை முதன்முறையாகக் காணச் செல்பவர் வெறுங்கையோடு போகலாகாது என்பதை நம்மவர்க்கு யாரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. சொல்லவேண்டியது, அவர் வாய் திறக்கும் முன்பே கையிலுள்ள பொருள் அவரைப் பற்றி ஒரு சேதியைச் சொல்லிவிடுகிறது என்பதும், அந்தச் சேதி ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதுமே. நகரத்து அடுக்குமாடி வீட்டில் மிகப் பொருத்தமாக இருக்கும் ஒரு பொருள் தோட்டப்புறத்து வீட்டில் ஆடம்பரமாகத் தோன்றலாம். சமவெளியில் அருமையாகக் கருதப்படுவது மலையில் வாசலிலேயே விளைந்து கிடக்கலாம். ஆகவே இவ்வத்தியாயத்தில் பொதுவாகப் பேசிக்கொண்டிராமல், கேமரன் மலையின் வடபுறத்திலுள்ள கம்போங் ராஜாவையும், அதனை அடுத்த ப்ளூ வேலித் தேயிலைத் தோட்டத்தையும் எடுத்துக்கொண்டு, அங்குள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தைக் காணச் செல்பவர் என்ன யோசிக்கவேண்டும் என்று பார்ப்போம்.

ஈப்போவின் தெற்கே சிம்பாங் பூலாயில் திரும்பி மலையேறுகிறவர்க்கு, வளைவுகளெல்லாம் கடந்தபின் கேமரன் மலையில் முதலாவதாக எதிர்ப்படும் ஊர் கம்போங் ராஜா. தாப்பா வழியாக ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஏறி வருவோர்க்கு அதுவே கடைசி ஊர். இரு வழியிலும் கண்ணில் படுவன தேயிலைச் சரிவுகளும், நெகிழித் தாள் போர்த்திய காய்கறிக் கூடாரங்களும், ஸ்ட்ராபெரிப் பண்ணைகளும், ரோஜாவும் செவ்வந்தியும் வளர்க்கும் பூந்தோட்டங்களுமே. இங்கேதான் முதல் பிழைக்கு இடம் இருக்கிறது. மலைக்குப் போகிறோமே என்று மலையை நினைத்துப் பரிசு தேடுகிறவர், தம்மை அறியாமலே மலைப் பொருளையே வாங்கிவிடுகிறார். அழகிய பெட்டியிலிட்ட தேயிலை, ஸ்ட்ராபெரிப் பழப்பாகு, பூக்கடையில் கட்டித் தந்த ரோஜாக் கொத்து ஆகிய மூன்றும் இவ்விதம் அடிக்கடி மலையேறுகின்றன. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தை நிறுவிய காலந்தொட்டே இம்மலையில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியும், தூள் சலித்தும், லாரியில் ஏற்றியும் பிழைத்துவந்த குடும்பங்களுக்குத் தேயிலைப் பெட்டியை நீட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். ரோஜாக் கொத்தின் கதையோ இன்னும் விநோதமானது. ஈப்போக் கடையில் விற்கும் அந்தப் பூ, முந்திய நாள் இதே பாதையில் லாரியில் இறங்கிவந்த பூவாக இருக்கவும் கூடும்.

ஆதலின் மலைவீட்டுக்குரிய பொருளைச் சமவெளியிலே தேடவேண்டும். அதாவது, குளிரில் விளையாதது, அவ்வூர்ச் சந்தையில் எளிதில் கிடைக்காதது, கிடைத்தாலும் புதிதாகக் கிடைக்காதது எதுவோ அதுவே. மல்லிகைச் சரம், கொய்யா, பம்ப்ளிமாஸ், புந்தோங்கில் வறுத்த கச்சாங் பூத்தே ஆகியவை இவ்வகையின. விலையில் இவை மிக எளியவை. எனினும் ஒரு மலைவாசியின் வீட்டில் இவற்றுக்குள்ள மதிப்பு வேறு.

விலையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருகைக்கு ஐம்பது வெள்ளியிலிருந்து நூறு வெள்ளிக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். அதற்குமேல் போகுமானால், பெற்றுக்கொள்கிறவர்க்கு அது கடனாகத் தோன்ற ஆரம்பிக்கும். பதில் மரியாதை செய்தாகவேண்டுமே என்ற கவலை அந்தத் தாயின் மனத்தில் புகுந்துவிட்டால், வந்தவரோடு உட்கார்ந்து பேசுவதற்குப் பதிலாக, அலமாரியைத் திறந்து எதை எடுத்துக்கொடுக்கலாம் என்று தேடுவதிலேயே அவர் பொழுது கழிந்துவிடும்.

இனி, விலையைவிடவும் முக்கியமான ஒரு விஷயம் உண்டு. நம் சம்பிரதாயத்தில் சில பொருள்களுக்குத் தனித்தனியே உள்ள பொருள் வேறு, அவை ஒன்றுசேர்ந்து ஒரு தட்டில் அமர்ந்தால் தோன்றும் பொருள் வேறு. பழம் என்பது பழம். பூ என்பது பூ. வெற்றிலை என்பது வெற்றிலை. ஆனால் தாம்பாளத் தட்டில் வெற்றிலை பாக்கும், மஞ்சள் குங்குமமும், தேங்காயும், பழமும், பூவும், அவற்றின்மேல் ஒரு சேலையும் வைத்து ஏந்திக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நிற்பாரானால், அவர் விருந்தாளி அல்லர், சம்பந்தம் பேச வந்தவர். அதுவும் தம் பெற்றோரையும் பெரியோரையும் உடன் அழைத்து வராமல், தாமே தமக்குப் பரிசம் போட வந்தவர் போல் ஆகிவிடுகிறார். மகிழ்விக்க நினைத்து முழு ஆர்வத்தோடு இவ்விதம் தட்டு எடுத்துச் செல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அங்கே பெண்ணின் தந்தை முகம் இறுகுவதன் காரணம் அவர்களுக்குப் புரிவதில்லை. அவர் கோபிப்பது பரிசைக் கண்டல்ல. தம் வீட்டுப் பெரியவர்களைக் கலந்து ஒரு முடிவுக்கு வர அவருக்கு இருந்த உரிமையை அந்தத் தட்டு முந்திக்கொண்டுவிட்டது என்பதே அவருடைய மனத்தாங்கல். தோட்டத்தில் வரிசையாக வீடுகள் இருக்கும். தட்டோடு ஒருவர் நடந்துவந்ததை எதிர்வீட்டாரும் பார்த்திருப்பர். மாலைக்குள் ‘நிச்சயம் ஆகிவிட்டதாமே’ என்ற விசாரணை வந்துவிடும்.

சேலை, வேட்டி, சட்டைத்துணி முதலியவற்றையும் இதே காரணத்தால் முதல் வருகையில் தவிர்ப்பது நல்லது. குளிர்ப்பிரதேசமாயிற்றே, கம்பளிச் சட்டை வாங்கலாமே என்று தோன்றும்; அளவு தெரியாத இடத்தில் அது சங்கடத்தையே தரும், மேலும் மலையில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தவர்க்குக் குளிரைத் தாங்கும் உடுப்பு வீட்டில் இல்லாமல் இராது. சால்வையோ வேண்டவே வேண்டா. அதைத் தோளில் போர்த்திய மாத்திரத்திலே அந்தத் தந்தை கோயில் திருவிழா மேடையில் அமர்ந்த பிரமுகர் போல் விறைத்துப்போவார். கத்தி, கத்தரிக்கோல் போன்ற கூரிய பொருள்களையும், வெறும் பாத்திரத்தையும் கொடுக்கலாகாது என்று நினைக்கும் குடும்பங்கள் பல உண்டு என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு மேலே செல்வோம்.

பரிசு தேடிக் கடைக்குப் போகுமுன் விரும்பியவரிடம் கேட்டுத் தெளியவேண்டியவை உண்டு. ‘உங்கள் அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘அவர்களுக்கு எல்லாமே பிடிக்கும்’ என்ற பதிலே வரும். அதற்கு மாறாக, வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள், யார் யாருக்கு என்னென்ன மாத்திரை, யார் எதைச் சாப்பிடுவதில்லை, எந்த மாதத்தில் எந்த விரதம், தாத்தா பாட்டி உண்டா என்று கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். புரட்டாசியில் மரக்கறி மட்டுமே உண்ணும் வீட்டுக்கு முட்டை சேர்ந்த கேக்கைக் கொண்டுபோவதும், மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த ஜெலட்டின் கலந்த இனிப்பு மிட்டாயைத் தெரியாமல் நீட்டுவதும் இப்படிக் கேளாமையால் வரும் வினைகளே. வீட்டுத் தலைவி கணவனை இழந்தவராயின் பூ விஷயத்தில் அந்தக் குடும்பத்தின் வழக்கம் என்ன என்பதையும் முன்கூட்டியே, மென்மையாகக் கேட்டுக்கொள்ளவேண்டும். சிலர் வழக்கம்போலச் சூடிக்கொள்வர், சிலர் சாமிப் படத்துக்கு மட்டும் வைப்பர், சிலர்க்கு அந்தச் சரமே மனவருத்தம் தரக்கூடும்.

ஓர் உதாரணத்தை வைத்து இதை விரித்துப் பார்ப்போம். கிள்ளானிலிருந்து ஓர் இளைஞர் ப்ளூ வேலித் தோட்டத்திலுள்ள ஒரு வீட்டுக்குச் செல்லவேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் விரும்பும் பெண்ணின் தந்தை தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இனிப்புநீரும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் உண்டு. தாய் கம்போங் ராஜாவில் காய்கறி கட்டும் கொட்டகையில் வேலை செய்கிறார். வெற்றிலை போடும் பாட்டி ஒருவர், பள்ளி செல்லும் தம்பி ஒருவன். இளைஞர் முதலில் நினைத்தது தம்புன் பம்ப்ளிமாஸ். ஈப்போவை அடுத்த தம்புன் வட்டாரம் அந்தப் பழத்துக்குப் பேர்போனது. தோல் தடித்திருப்பதால் வளைவுப் பாதையில் உருண்டாலும் நசுங்காது, வாங்கிச் சில நாள் வைத்திருந்தாலும் கெடாது, அளவில் பெரியதாகவும் பார்வைக்குக் கம்பீரமாகவும் இருப்பதால் பிறர் கையில் கொடுக்க உகந்தது. கையில் தூக்கிப் பார்த்து, அதன் அளவுக்கு மீறிய கனம் உள்ளதாகவும், அடிப்புறம் மெத்தென்று இல்லாததாகவும் தேர்ந்தெடுத்தால் உள்ளே சாறு நிறைந்திருக்கும். இவ்வளவு நல்ல யோசனைக்கு ஒரு தடை வந்தது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளிலும் இரத்த அழுத்த மாத்திரைகளிலும் சிலவற்றோடு பம்ப்ளிமாஸ் ஒத்துப்போவதில்லை; பழத்திலுள்ள சில சத்துக்கள் உடலில் மருந்து சிதைவதைத் தடுத்து, அதன் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும் என்று மருத்துவர்கள் விலக்குவதுண்டு. தந்தையின் மாத்திரைப் பெயரைப் பெண் எழுதி அனுப்ப, அதை மருந்துக்கடையில் காட்டியபோது, அந்த மாத்திரையோடு வேண்டாம் என்று பதில் வந்தது. வாங்கிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தந்தை மரியாதைக்காக ஒரு சுளை தின்றிருப்பார், அல்லது தின்ன முடியாமல் ஓரத்தில் வைத்திருப்பார், இரண்டும் நல்லதல்ல.

அதனால் அவர் பம்ப்ளிமாசை விட்டுக் கொய்யாவுக்கு வந்தார். கிள்ளானிலிருந்து வடக்கே ஈப்போ நோக்கிச் செல்லும் வழியிலேயே பீடோர் இருக்கிறது. அவ்வூர்ப் பெரிய கொய்யாவுக்கு நாடெங்கும் பெயர். விதை குறைந்த, கடித்தால் நறுக்கென்று உடையும் அப்பழத்தை இனிப்புநீர்க்காரர் அளவோடு உண்ணலாம். பழுத்து மஞ்சளாகி மெத்தென்றிருப்பதை விட்டு, பச்சை மாறாத கெட்டிக்காயாகத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினால் மலையேறும்வரை தாங்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் கொடுப்பதே நம் வழக்கமாதலின் ஏழு பழம் எடுத்துக்கொண்டார்.

பலகாரத்துக்கு ஈப்போ புந்தோங்கில் நின்றார். அங்கே தமிழ்க் குடும்பங்கள் வழிவழியாகக் கச்சாங் பூத்தே வறுத்து விற்பது மலேசியத் தமிழர் அறிந்ததே. முறுக்கும், ஓமப்பொடியும், காரக்கடலையும், பொட்டுக்கடலையும் பைபையாகக் கட்டித் தொங்கும். இனிப்பை அடியோடு விட்டுவிட்டதால், தந்தைக்கு மட்டும் ஒன்று, மற்றவர்க்கு வேறொன்று என்ற பேதமும் எழவில்லை. அவர் தவிர அனைவரும் உண்ணும் லட்டுப் பெட்டியை நடுவில் வைத்து அவரைப் பார்க்கச் செய்வது ஓர் அவமதிப்பே. ஆனால் புந்தோங்கில் ஒரு கவனம் வேண்டும். மூடி ஒட்டிய நெகிழிப் பையில் வாங்கினால் மலையேற ஏறக் காற்றழுத்தம் குறைந்து பை உப்பி நிற்கும், ஒட்டு பலவீனமாயின் பிரிந்தும் போகும். பின்பு கேமரன் மலையின் ஈரக்காற்றில் முறுக்கு அன்றே நமுத்துவிடும். இதற்குப் பரிகாரம் எளிது: இறுக மூடும் தகர டின் ஒன்றில் கொட்டி எடுத்துச் செல்வது. டின்னுக்கு வேறோர் உபயோகமும் உண்டு, அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கடைசியாகப் பூ. ஈப்போவின் லிட்டில் இந்தியாவில், ஜாலான் லஹாட் பகுதியில், காலையில் கட்டிய மல்லிகைச் சரம் கிடைக்கும். மலையேறுமுன் கடைசியாக இதை வாங்குவதே முறை. கிள்ளானிலேயே விடியற்காலையில் வாங்கியிருந்தால் மேலே போய்ச் சேரும்போது இதழ் பழுப்பேறியிருக்கும். வாழையிலையில் சுற்றி, தண்ணீர் தெளித்து, காரின் குளிர்க்காற்று நேரே படாத இடத்தில் வைக்கவேண்டும். மேலே போனபின் அந்த ஊர்க் குளிரே அதைக் காப்பாற்றும். சமவெளியில் மாலைக்குள் வாடும் சரம் அங்கே மறுநாளும் மணக்கும். கொடுக்கும்போது ‘சாமிக்கு வாங்கி வந்தேன், அம்மா’ என்று சொல்வது நன்று. ஓர் இளைஞன் ஒரு பெண்மணியின் கையில் பூவை நேரே நீட்டுவதில் உள்ள கூச்சத்தை அச்சொல் நீக்கிவிடுகிறது. படத்துக்கு வைத்தது போக மிஞ்சியதை அவர் தாமே சூடிக்கொள்வார்.

பாட்டிக்கு ஒரு கவுளி வெற்றிலை. வெற்றிலைக்கொடி வெப்பத்தையும் ஈரத்தையும் நாடுவது, மலைக்குளிரில் அது செழிப்பதில்லை. ஆகவே சமவெளியிலிருந்து வந்த இளவெற்றிலைக்கு அந்த முதியவரிடம் கிடைக்கும் வரவேற்பே வேறு. ஆனால் மேலே தட்டைப் பற்றிச் சொன்னதை மறத்தல் ஆகாது. இதைப் பழத்தோடும் பூவோடும் சேர்த்து வைக்காமல், தனியே ஈரத்துணியில் சுற்றி, தாயிடமோ தந்தையிடமோ கொடுக்காமல், பாட்டியின் அருகில் சென்று அமர்ந்து, ‘பாட்டி, நீங்க போடுறதுக்கு’ என்று கொடுத்தால் அது வெறும் வெற்றிலையாகவே நின்றுவிடும். தம்பிக்குத் தனிப்பரிசு தேவையில்லை. டின்னிலிருந்து முதலில் அள்ளப்போகிறவன் அவனே.

இவையெல்லாம் சேர்ந்தும் அறுபது எழுபது வெள்ளிக்குள் அடங்கிவிடும். ஆயினும் ஒவ்வொன்றும் அந்த வீட்டில் இன்னாருக்கு என்று யோசித்துக் கொணர்ந்தது என்பது வெளிப்படை. இனி, மலைப்பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. சனி ஞாயிறுகளிலும் பள்ளி விடுமுறையிலும் கேமரன் மலைக்கு வண்டிகள் திரண்டு ஏறும். காய்கறி லாரிகளும், பிற்பகல் மூடுபனியும் சேர்ந்தால் பயணம் நினைத்ததைவிட நீளும். பொருள்களை இருக்கையில் வைக்காமல், கீழே தரையில் இடைவெளியின்றி நெருக்கி வைத்தால் வளைவில் சரியா. ஞாயிறு என்றால் மாலை நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம் என்று எண்ணும் பெரியோர் பலர். நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவ்வேளையில் வாசலில் நிற்காதபடி காலையிலேயே கிளம்புவது நல்லது.

வீட்டுக்குள் போனதும் கொடுக்கும் முறையிலும் சிறு கவனம் தேவை. செருப்பைக் கழற்றி, வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்னபின், வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் இரு கையாலும் கொடுப்பதே முறை. தம் சார்பாகப் பெண்ணிடம் பைகளைத் தந்து உள்ளே அனுப்பிவிடலாகாது. அப்படி அனுப்பியது அந்த வீட்டுக் கணக்கில் மகள் வாங்கி வந்ததாகவே சேரும். பெரியவர்கள் அவற்றை வாங்கி ஓரத்தில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். வந்தவர் எதிரில் பிரித்துப் பார்ப்பது நாகரிகமன்று என்பது அவர்கள் வளர்ந்த விதம். பிடிக்கவில்லை போலும் என்று வருந்தவேண்டா. அப்படியானால் உண்மையில் பிடிக்கவில்லை என்பதை எப்படி அறிவது? ‘இவ்வளவு எதற்கு?’ என்று ஒருமுறை கேட்டால் அது உபசாரம். மீண்டும் மீண்டும் கேட்டால், கொண்டுவந்தது அதிகமாகிவிட்டது. பொருளை மேசையிலிருந்து எடுத்து உள்ளறைக்குக் கொண்டுபோய் விட்டால், அக்கம்பக்கத்தார் கண்ணில் படவேண்டாம் என்று நினைக்கிறார்கள். அதுவும் தட்டு போன்ற ஏதோ ஒன்று கலந்துவிட்டதற்கான அறிகுறி. அப்போது விளக்கம் சொல்லி நிலைமையைப் பெரிதாக்காமல், ‘வழியில் பார்த்தேன், வாங்கினேன்’ என்று இலேசாகச் சொல்லிப் பேச்சைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிடவேண்டும்.

புறப்படும்போது அவர்கள் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். கம்போங் ராஜா வீடாயின் முட்டைக்கோசு, தக்காளி, பச்சைக் கீரைக்கட்டு, ஒரு பொட்டலம் தேயிலை என்று பின்பெட்டி நிறையும். ஆதலால் அதைக் காலியாக வைத்துக்கொண்டே மலையேறவேண்டும். ‘வேண்டாம், எங்கள் ஊரிலேயே கிடைக்கும்’ என்று மறுப்பது பெரும் பிழை. கோசை அடியிலும், தக்காளியை மேலேயும் வைத்து, கீரையை ஈரக்காகிதத்தில் சுற்றிக்கொண்டால் கிள்ளான்வரை தாங்கும். இங்கேதான் டின் உதவுகிறது. கச்சாங் பூத்தே டின்னைக் கொடுத்துவிட்டு வந்தால், வெறும் டின்னைத் திருப்பித் தரும் வழக்கம் நம்மவரிடம் இல்லை. பின்னொரு நாள் அதில் ஏதாவது இட்டே தருவார்கள், அல்லது அதை வாங்கிக்கொள்ள இவரே மறுபடியும் செல்லவேண்டியிருக்கும். அம்மா காய்கறியை இரண்டு பையாகப் பிரித்து, ஒன்றை ‘இது உங்க அம்மாவுக்கு’ என்று தனியே எடுத்து நீட்டினால், அந்தப் பையை மற்றதோடு கலக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்து, அன்றிரவே தம் தாயைக் கொண்டு தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசச் செய்யவேண்டும்.